உத்யம் சான்று இருந்தால் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாமா?

அரசு அலுவலகங்கள் வெளியிடும் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகளைச் சிறு தொழில் செய்வோருக்காகத் தமிழாக்கம் செய்து, அவர்கள் அதில் கலந்துகொள்ள இயலுமா என்று சரிபார்த்துக் கொடுப்பது என் தொழில். அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளிலிருந்தும் பாரிமுனைக் கடைத்தெருக்களிலிருந்தும் வருகிறவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோர் அறிவிப்பு முடியும் தறுவாயில் வருகிறார்கள். சிலர் நிராகரிக்கப்பட்ட பிறகே வருகிறார்கள். அப்படி அண்மையில் வந்த ஒருவருடைய விவகாரம்தான் இதை எழுதவைத்தது. குறு, சிறு, நடுத்தர நிறுவனமாகப் பதிவு செய்ததற்கு மத்திய அரசு தரும் உத்யம் சான்று இருந்தால் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம் என்ற தவறான எண்ணமே அவர் வாய்ப்பை இழக்கக் காரணம். அதை எத்தனையோ பேரிடம் மறுத்துச் சொல்லியாகிவிட்டது. இன்னும் அது கடை கடையாகப் பரவிக்கொண்டுதான் இருக்கிறது.

அவர் பெரம்பூரில் துப்புரவுப் பொருட்களை மொத்தமாக வாங்கி அலுவலகங்களுக்கு விற்பவர். சென்னையிலுள்ள ஒரு மத்திய அரசு அலுவலகம் ஓராண்டுக்கான துப்புரவுப் பொருள் வழங்கலுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியிருந்தது. மதிப்பீடு 18 லட்சம் ரூபாய், விண்ணப்பத்தோடு பிணையாகக் கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகை, அதாவது நாம் பேச்சில் இ.எம்.டி. என்று சொல்வது, 36,000 ரூபாய். ஆங்கில ஆவணத்தை உறவினர் ஒருவர் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை நம்பி அவர் விண்ணப்பித்தார். தொழில்நுட்ப உறையைப் பிரித்த நிலையிலேயே வெளியேற்றப்பட்டார். அவருடைய விலை எவ்வளவு என்பதை அந்த அலுவலகம் பார்க்கவே இல்லை.

முதலில் தகுதியை எடுத்துக்கொள்வோம். பணி ஒப்பந்தங்களுக்காக மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002-இல் வகுத்துக் கொடுத்த அளவையே இந்த ஆவணமும் பின்பற்றியிருந்தது. கடந்த மூன்று நிதியாண்டுகளின் சராசரி விற்றுமுதல் மதிப்பீட்டில் 30 சதவீதம் இருக்க வேண்டும். 18 லட்சத்துக்கு அது 5 லட்சத்து 40 ஆயிரம். அனுபவத்துக்கு மூன்று வழிகள் தரப்பட்டிருந்தன: ஒவ்வொன்றும் 40 சதவீதத்துக்குக் குறையாத மூன்று ஒத்த வழங்கல்கள், அல்லது 50 சதவீதத்துக்குக் குறையாத இரண்டு, அல்லது 80 சதவீதத்துக்குக் குறையாத ஒன்று. ரூபாயில் சொன்னால் 7 லட்சத்து 20 ஆயிரத்தில் மூன்று, அல்லது 9 லட்சத்தில் இரண்டு, அல்லது 14 லட்சத்து 40 ஆயிரத்தில் ஒன்று. உறவினரின் தமிழாக்கத்தில் அந்த இரண்டு ‘அல்லது’களும் விடுபட்டு, மூன்று நிபந்தனைகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றதால், மூன்றையும் நிறைவேற்ற வேண்டும் என்று எண்ணி இவர் முதலில் விலகிவிடப் பார்த்திருக்கிறார். ஆனால் இவர் கையில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு 15 லட்சம் ரூபாய்க்கு வழங்கி முடித்த ஆணை ஒன்று இருந்தது. அந்த ஒன்றே போதும்.

அந்த ஆணை எப்போது முடிந்தது என்பதையும் பார்த்தாக வேண்டும். கடந்த ஏழு ஆண்டுகளுக்குள் முடித்த வழங்கல்களையே காட்டலாம். அந்த ஏழு ஆண்டு என்பது இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுவதல்ல. ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்ட மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளோடு அது முடிகிறது. இந்த அறிவிப்பு ஆகஸ்டில் வந்தது. ஆகவே ஜூலை 31 வரை முடிந்திருந்த வழங்கல்களே கணக்கில் சேரும். ஆகஸ்ட் முதல் வாரத்தில் பெரிய ஆணை ஒன்றை முடித்துவிட்டு அதைக் காட்டலாம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள். இவருடைய ஆணை முந்தைய ஆண்டிலேயே முடிந்திருந்தது. முடித்ததற்கான சான்றும் இருந்தது. தகுதியில் குறை ஒன்றும் இல்லை.

குறை முன்வைப்புத் தொகையில் இருந்தது. அவர் பணம் கட்டவில்லை. உத்யம் சான்றிதழைப் பதிவேற்றியிருந்தார். தொழில்செய்யும் நண்பர்கள் ‘உத்யம் இருந்தால் இ.எம்.டி. கிடையாது’ என்று சொல்லியிருக்கிறார்கள். வலைத்தளத்தின் பக்கத்திலும் EMD Exemption Allowed என்பதற்கு எதிரே Yes என்று இருந்தது. தமிழாக்கத்தில் அது ‘விலக்கு உண்டு’ என்று ஒரு வரியாக வந்திருந்தது. இரண்டும் சேர்ந்து அவரை ஏமாற்றிவிட்டன.

இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். அந்த Yes என்பது, விலக்குக் கோருவதற்கான வசதி இந்த ஒப்பந்தப்புள்ளியில் திறந்திருக்கிறது என்பதை மட்டுமே காட்டுகிறது. கோருகிறவர் அதற்கு உரியவரா என்பதை ஆவணத்தின் நிபந்தனையோடு ஒப்பிட்டு முடிவு செய்வது கொள்முதல் அலுவலர். மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 170-ஆவது விதி, குறு, சிறு நிறுவனங்களுக்கான கொள்முதல் கொள்கையில் வரையறுக்கப்பட்ட நிறுவனங்களுக்கு இந்த விலக்கை அளிக்கிறது. அந்தக் கொள்கை 2012-இல் நடைமுறைக்கு வந்தது. அது குறு, சிறு நிறுவனங்களுக்கானது. நடுத்தர நிறுவனங்களுக்கு இல்லை. தாமே உற்பத்தி செய்பவர்களையும் சேவை வழங்குபவர்களையும் கருதி எழுதப்பட்டது. பிறரிடம் வாங்கி விற்கும் வணிகர்களுக்கு அதில் இடமில்லை.

அப்படியானால் வணிகருக்கு உத்யம் சான்று ஏன் கொடுத்தார்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். சில்லறை, மொத்த வணிகர்கள் உத்யமில் பதிவு செய்ய 2021 ஜூலையில் அனுமதி வந்தது உண்மை. ஆனால் அதே ஆணையில், அவர்களுக்குக் கிடைக்கும் பயன் முன்னுரிமைத் துறைக் கடனோடு நின்றுவிடும் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. வங்கியில் கடன் கேட்கும்போது அந்தச் சான்று உதவும். ஒப்பந்தப்புள்ளியில் முன்வைப்புத் தொகைக்கு ஈடாகாது. உங்கள் சான்றை எடுத்து Major Activity என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே Trading என்று இருந்து, கீழே தரப்பட்டுள்ள தொழில் வகைக் குறியீடுகள் 45, 46, 47 என்ற எண்களில் தொடங்கினால் நீங்கள் வணிகராகவே பதிவாகியிருக்கிறீர்கள். பெரம்பூர்க்காரரின் சான்றில் இருந்தது 46. அரை நிமிடத்தில் தெரிந்துகொண்டிருக்கக்கூடிய விஷயம் இது. உற்பத்தியாளராகப் பதிவு செய்தவர்களும், கேட்கப்படும் பொருள் தங்கள் சான்றில் உள்ள தொழிலோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். அட்டைப்பெட்டி செய்பவர் கிருமிநாசினி வழங்க முன்வந்து விலக்குக் கேட்டால் அலுவலர் ஏற்க வேண்டிய கட்டாயமில்லை.

மாநில அரசு அலுவலகங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் இந்த மத்திய விதிகளை அப்படியே எடுத்துச் செல்லாதீர்கள். அங்கே 1998-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டமும் 2000-ஆம் ஆண்டு விதிகளும் செல்லுபடியாகும். மத்திய விதிகளில் முன்வைப்புத் தொகை மதிப்பீட்டில் 2 முதல் 5 சதவீதம் வரை இருக்கலாம். மாநில விதிகளில் அது 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. விலக்கு யாருக்கு என்பதையும் அந்தந்த ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே தேடிப் படிக்க வேண்டும். ஆகவே தமிழாக்கம் செய்பவர் முதலில் குறிக்க வேண்டியது, கோருவது மத்திய அலுவலகமா மாநில அலுவலகமா என்பதை. நான் தாளின் மேற்பகுதியில் இதைத்தான் எழுதுகிறேன்.

விலக்கு உங்களுக்கு உண்டா இல்லையா என்பதில் துளியளவு ஐயம் இருந்தாலும் பணத்தைக் கட்டிவிடுங்கள். இதை வேண்டுகோளாகவே வைக்கிறேன். முன்வைப்புத் தொகை கட்டணம் அல்ல, திரும்பி வருகிற பணம். இரண்டு உறை முறையில் முதல் நிலையிலேயே தோற்றவர்களுக்கு, அந்த நிலையின் முடிவு அறிவிக்கப்பட்ட 30 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று மத்திய விதி சொல்கிறது. ஒப்பந்தம் பெறாத மற்றவர்களுக்கு, ஒப்பந்தம் வழங்கப்பட்ட 30-ஆம் நாளுக்குள் வந்துவிட வேண்டும். விலை செல்லுபடியாகும் காலத்துக்குள் நீங்களாகவே பின்வாங்கினால் அதை இழப்பீர்கள். பெரம்பூர்க்காரரிடம் 36,000 ரூபாய் அன்று இல்லாமல் இல்லை. கட்டத் தேவையில்லை என்று நம்பியதால் கட்டவில்லை.

வங்கி உத்தரவாதமாகக் கொடுப்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டாக வேண்டும். அது விலை செல்லுபடியாகும் காலத்துக்கு மேல் 45 நாட்கள் வரை உயிரோடு இருக்க வேண்டும். விலைக்கு 90 நாள் என்றால் உத்தரவாதத்துக்கு 135 நாள். ‘90 நாள்’ என்ற ஒரே எண்ணைத் தமிழாக்கத்தில் கண்டு வங்கிக்குப் போனவர்கள், செல்லாத தாளோடு திரும்பியிருக்கிறார்கள்.

கடைசி நாளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஆனால் ஒரே பக்கத்தில் பல தேதிகள் நெருக்கமாக அச்சாகியிருப்பதால் அவற்றைக் கலந்துவிடுகிறார்கள். ஆவணத்தைத் தரவிறக்கும் கடைசி நாள், ஐயம் கேட்கும் கடைசி நாள், ஒப்பந்தப்புள்ளி திறக்கும் நாள் ஆகிய எல்லாவற்றுக்கும் இடையில் உங்களுக்கு உரியது Bid Submission End Date என்ற வரியே. இந்த அறிவிப்பில் அது 22-ஆம் தேதி பிற்பகல் 3 மணி, திறப்பது மறுநாள். தமிழாக்கத்தில் ‘23-ஆம் தேதி’ என்று மட்டும் எழுதிக் கொடுத்திருந்தால் முழு முயற்சியும் வீணாகியிருக்கும். தேதியோடு மணியையும் சேர்த்தே எழுதுங்கள். மணி என்பது வலைத்தளத்தின் கடிகாரம் காட்டுவது, உங்கள் கைக்கடிகாரம் காட்டுவது அல்ல. மூல வரைவோலையை அலுவலகத்தில் நேரில் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் அதன் நேரத்தைத் தனி வரியில் குறியுங்கள். அது பதிவேற்றும் நேரத்திலிருந்து வேறுபடலாம்.

மாநில விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் குறைந்தது 15 நாட்கள் கொடுத்தால் போதும். அதில் ஐயம் கேட்பதற்கான காலம் முதல் சில நாட்களிலேயே முடிந்துவிடும். ஆகவே அறிவிப்பு கண்ணில் பட்ட அன்றே முழு ஆவணத்தையும் தரவிறக்கி, முழுவதையும் தமிழாக்கத்துக்குக் கொடுங்கள். நாளிதழ் விளம்பரத்தின் புகைப்படத்தை மட்டும் அனுப்பி ‘நமக்குப் பொருந்துமா’ என்று கேட்காதீர்கள். விளம்பரத்தில் விலக்கு நிபந்தனை இருப்பதில்லை. சமர்ப்பிப்பதற்கு முந்தைய நாள் Corrigendum பகுதியை மீண்டும் ஒருமுறை திறந்து பாருங்கள். திருத்த அறிவிப்பு வந்திருந்தால், பழைய தமிழாக்கத்தில் கைவைக்காமல் அந்த வரியை மட்டும் புதிதாக எழுதி, தேதியிட்டு, மேலே இணைத்துக்கொள்ளுங்கள்.