விழுவதற்கு முந்தைய ஒரு நிமிடம்

கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் திருகோணமலையில் காலை எட்டு மணி வெயிலுக்கே முதுகு நனைந்துவிடும். அந்த நாட்களில் பாடசாலைக் காலைக் கூட்டத்தில் ஒரு பிள்ளையாவது விழாமல் வாரம் கழிவது அரிது. நான் உயிரியல் கற்பிக்கிறேன். முதலுதவிப் பெட்டியும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. ஆகவே விழுந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் இருவரைப் பற்றி இங்கே எழுதுகிறேன். ஒருத்தி என் அக்காவின் மகள், எனக்குப் பெறாமகள், பதினான்கு வயது. மற்றவன் பதினாறு வயதுப் பையன். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இரண்டும் ஒரே மயக்கம்தான். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, விழுவதற்கு முந்தைய ஒரு நிமிடத்தில் இருந்தது.

பெறாமகள் முந்திய இரவு பரீட்சைக்காகக் கண் விழித்திருந்தாள். காலையில் குடித்தது வெறும் தேநீர். கூட்டம் தொடங்கி இருபது நிமிடம் ஆனபோது அவளுக்கு வயிற்றைப் பிரட்டியது, உள்ளங்கை குளிர்ந்து வியர்த்தது, கொட்டாவி கொட்டாவியாக வந்தது. அதிபரின் பேச்சு அடுத்த வீட்டு வானொலிபோலத் தூரத்தில் கேட்டதாகப் பிறகு சொன்னாள். பார்வையின் ஓரங்கள் கறுத்து, நடுவில் மட்டும் ஒரு வட்டம் மிஞ்சியது. பக்கத்தில் நின்றவள் “என்னடி, முகம் வெளிறிப் போச்சு?” என்று கேட்டு முடிப்பதற்குள் மடங்கிச் சரிந்தாள்.

நாம் எழுந்து நிற்கும்போது ஏறத்தாழ அரை லீற்றருக்கு மேற்பட்ட இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. நடந்தால் கெண்டைக்கால் தசைகள் அதைப் பிழிந்து மேலே அனுப்பும். அசையாமல் நின்றால் அந்த உதவி இல்லை. வெயிலில் தோலின் குழாய்கள் விரிந்து இன்னும் கொஞ்சம் இரத்தத்தை எடுத்துக்கொள்கின்றன. வியர்வையில் நீரும் போகிறது. முதலில் உடல் சமாளிக்கிறது: நாடி விரைகிறது, குழாய்கள் இறுகுகின்றன. சிலரில் ஒரு கட்டத்தில் இந்தச் சமாளிப்பு தலைகீழாகப் புரண்டுவிடுகிறது. இறுகியிருந்த குழாய்கள் தளர்கின்றன, மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு இதயத்தின் வேகத்தைப் பின்னுக்கு இழுக்கிறது, இரத்த அழுத்தம் சரிகிறது. மூளைக்கு இரத்தம் எட்டாமல் ஆறு முதல் பத்து விநாடி போனால் நினைவு தப்பிவிடும். விழுந்து கிடையாகப் படுத்தவுடன் கால்களில் தங்கிய இரத்தம் இதயத்துக்குத் திரும்பிவிடுகிறது. பெரும்பாலும் இருபது விநாடிக்குள் கண் விழிப்பார்கள். எங்கே இருக்கிறோம் என்பதும் உடனே தெரியும்.

ஊசியைக் கண்டு விழுவதும், விரத நாளில் கோயில் நெரிசலில் விழுவதும், கண்ணாடி முன் நிற்கவைத்து அம்மா இரட்டைப் பின்னல் பின்னும்போது விழுவதும் இதே வகைதான். கடைசியாகச் சொன்னதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வளரும் பெண்பிள்ளைகளில் தலைவாரும்போது வரும் மயக்கம் மருத்துவ உலகம் நன்கு அறிந்த ஒன்று.

விழுந்த என் பெறாமகளின் கை இரண்டு மூன்று தடவை வெட்டி இழுத்தது. உடனே யாரோ “வலிப்பு, திறப்பைக் குடுங்கோ” என்று கத்த, கையில் ஒரு திறப்புக்கோர்வை திணிக்கப்பட்டது. இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்ற நம்பிக்கை நம்மிடம் இன்னும் போகவில்லை. வலிப்பே ஆனாலும் திறப்பால் பயனில்லை. இது வலிப்பும் அல்ல. 1994இல் ஜெர்மனிய ஆய்வாளர்கள், தாமாக முன்வந்த இளைஞர்களை வேண்டுமென்றே மயங்கவைத்துக் காணொளியில் பதிவுசெய்தார்கள். முழுமையாக மயங்கியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இப்படி வெட்டு இருந்தது. இரத்தம் குறைந்த மூளை சில விநாடி தன் பிடியை விடுவதால் வரும் வெட்டு அது. ஒன்றிரண்டாக, ஒழுங்கில்லாமல் வந்து நின்றுவிடும். வலிப்பில் ஒரு நிமிடமோ அதற்கு மேலோ தாளம் தவறாமல் இழுக்கும், நாக்கின் பக்கவாட்டில் கடிபடலாம், விழித்த பிறகும் நெடுநேரம் குழப்பம் இருக்கும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. விழுந்த பிள்ளையைத் தூக்கிக் கதிரையில் இருத்தி முகத்தில் தண்ணீர் அடிப்பார்கள். படுத்ததால்தான் அவளுக்கு இரத்தம் திரும்புகிறது. நிமிர்த்தினால் மயக்கம் நீளும். அப்படியே படுக்கவிட்டுக் கால்களைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும். என் பெறாமகளுக்கு அதன்பின் நான் சொன்னவை மூன்று: காலையில் சாப்பாடும் இரண்டு குவளைத் தண்ணீரும் இல்லாமல் புறப்படக் கூடாது, வயிறு பிரட்டத் தொடங்கினால் கால்களைப் பின்னிக்கொண்டு தொடையையும் பிட்டத்தையும் இறுக்க வேண்டும், அதற்கும் அடங்காவிட்டால் வெட்கப்படாமல் அப்படியே கீழே உட்கார்ந்துவிட வேண்டும். இரண்டு தடவை இந்த இறுக்கத்தாலேயே தப்பிவிட்டாள்.

பையன் விழுந்தது இல்ல விளையாட்டுப் போட்டியில், 1500 மீற்றர் ஓட்டத்தின் மூன்றாவது சுற்றில். ஓடி முடித்து, எல்லைக்கோட்டைத் தாண்டி நின்றபின் விழுபவர்கள் உண்டு. அதற்குப் பெரும்பாலும் காரணம், ஓட்டத்தில் விரிந்திருந்த கால் குழாய்களைப் பிழிந்துகொண்டிருந்த தசைகள் சட்டென நின்றுவிடுவது. அதனால்தான் ஓட்டம் முடிந்தவர்களை நிற்கவிடாமல் நடக்கவைக்கிறோம். இவனோ கால்கள் முழு வீச்சில் இயங்கிக்கொண்டிருந்த நேரத்தில் விழுந்தான். வயிற்றுப் பிரட்டலோ கண் இருட்டோ இல்லை. “ஓடிக்கொண்டிருந்தேன் மிஸ், பிறகு வானம் தெரிந்தது” என்பதற்கு மேல் அவனிடம் எதுவும் இல்லை.

காயங்களும் அதையே சொன்னன. என் பெறாமகளுக்கு முழங்காலில் ஒரு சிராய்ப்பு. இவனுக்கு முகவாய் பிளந்து, நெற்றி தோலுரிந்திருந்தது, உள்ளங்கைகளில் ஒரு கீறலும் இல்லை. கையூன்றக்கூட நேரம் கிடைக்கவில்லை.

நான் ஓடிப் போவதற்குள் அவன் விழித்துவிட்டான். விழிக்காமல், மூச்சும் ஒழுங்காக இல்லாமல் கிடந்திருந்தால் அதை மயக்கம் என்று காத்திருக்கக் கூடாது. அம்புலன்ஸ் எண்ணான 1990க்கு ஒருவர் அழைக்க, மற்றவர் நெஞ்சின் நடுவில் உடனே அழுத்தத் தொடங்க வேண்டும். இவன் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்குப் பெயர் கொடுக்கப் போனான். “வெயில்தான், சாப்பிடாமல் வந்திருப்பான்” என்று எல்லோரும் சொன்னார்கள். நான் அன்று மாலையே அவனுடைய அம்மாவைப் பார்க்கப் போனேன்.

ஓட்டத்தின் நடுவில் மயக்கம், முன்னறிவிப்பு இல்லாத மயக்கம் ஆகிய இரண்டில் ஒன்று இருந்தாலே இதயத்தைப் பார்க்க வேண்டும். படுத்திருக்கும்போது வந்தாலும், நெஞ்சு படபடத்தோ வலித்தோ உடனே விழுந்தாலும் அப்படித்தான். அலாரமோ தொலைபேசி மணியோ திடீரென்று அடித்ததும் விழுந்த பிள்ளைக்கும் இது பொருந்தும். இவற்றோடு வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: குடும்பத்தில் நாற்பது வயதுக்குள் திடீரென இறந்தவர்கள் உண்டா? அம்மா இல்லை என்றார். உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மம்மாவிடம் நான் கேள்வியை மாற்றிக் கேட்டேன்: “கடலில் யாராவது போனார்களா?”

கடற்கரை ஊரில் இந்தக் கேள்வி தனியாகக் கேட்கப்பட வேண்டும். கடல் எடுத்தவரை யாரும் நோய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. அம்மம்மாவின் தம்பி இருபத்திரண்டு வயதில் நிலாவெளிக் கடலில் மூழ்கியிருந்தார். அலை இல்லாத நாள், நெஞ்சளவு தண்ணீர், மீன்போல நீந்துகிறவர். “கடல் கேட்டது, குடுத்தம்” என்றார் அம்மம்மா.

இதயத்தின் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அதன் கலங்கள் அடுத்த துடிப்புக்காக மின்னளவில் தயாராக வேண்டும். பொற்றாசியம் அயன்கள் நுண்ணிய வாயில்கள் வழியாகக் கலத்தைவிட்டு வெளியேறுவதால் இது நடக்கிறது. ஓடும்போது துடிப்புகள் நெருங்கி வருவதால் இந்தத் தயாரிப்பும் சுருங்க வேண்டும். அட்ரினலின் சுரந்ததும் சில வாயில்கள் கூடுதலாகத் திறப்பது அதற்குத்தான். பரம்பரையாக அந்த வாயில் பழுதாக அமைந்தவர்களுக்கு நேரம் சுருங்குவதில்லை. பழைய துடிப்பு அடங்குமுன் புதியது வந்து மோத, இதயம் துடிப்பதை விட்டு நடுங்கத் தொடங்குகிறது. நடுக்கம் சில விநாடியில் தானாக நின்றால் பிள்ளை எழுந்து தண்ணீர் கேட்கும். நிற்காவிட்டால் அதுதான் முடிவு. இந்தக் குறையின் ஒரு வகைக்கு நீச்சல் மிகப் பொல்லாத தூண்டுதல். நீண்ட கியூடி நோய் என்பது இந்தக் குறையின் பெயர். ஏறத்தாழ இரண்டாயிரம் பிறப்புகளில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது கணக்கு.

அடுத்த நாள் இசிஜி எடுத்தார்கள். இயந்திரம் அச்சிட்ட வரியில் ‘இயல்பானது’ என்றுதான் இருந்தது. வைத்தியர் அதை நம்பாமல் அளவுகோலை எடுத்தார். அந்தத் தாளில் ஒரு சிறு கட்டம் 0.04 விநாடி. ஒரு துடிப்பிலிருந்து அடுத்த துடிப்புவரை 20 கட்டம், அதாவது 0.8 விநாடி. துடிப்பின் தொடக்கத்திலிருந்து கடைசி மேடு அடங்கும்வரை உள்ள கியூடி இடைவெளி 11 கட்டம், 0.44 விநாடி. துடிப்பின் வேகத்துக்கேற்ப அதைத் திருத்த, 0.8இன் வர்க்கமூலமான 0.894ஆல் 0.44ஐ வகுக்க வேண்டும். விடை 0.492. பையன்களுக்கு 0.45 வரை இயல்பு எனலாம். 0.48ஐத் தாண்டி, கூடவே இப்படி ஒரு கதையும் இருந்தால் விட்டுவிட முடியாது.

இசிஜி சுத்தமாக இருந்திருந்தால்? அப்போதும் ஓட்டத்தின் நடுவில் விழுந்தவனை அனுப்பிவிட முடியாது. ஓய்வில் எடுக்கும் இசிஜியில் ஒன்றும் காட்டாமல், உடல் உழைப்பில் மட்டும் தலைகாட்டும் தாளக் கோளாறும் உண்டு. அதைப் பிடிக்க, இசிஜி கம்பிகளுடன் நடைப்பட்டையில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். இதயச் சுவர் தடித்துப்போயிருக்கிறதா என்பதை எக்கோ சோதனை காட்டும். எல்லாம் முடியும்வரை விளையாட்டு இல்லை. மறுபக்கம், என் பெறாமகளைப் போன்ற பிள்ளைக்கு எக்கோவும் தலை ஸ்கேனும் எடுக்கக் காசைக் கொட்டுவது வீண். கதையைக் கேட்டு, படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் இரத்த அழுத்தம் பார்த்து, ஒரு இசிஜியும் எடுத்தால் பெரும்பாலும் விடயம் முடிந்தது.

பையன் இப்போது தினமும் பீட்டா தடுப்பி மாத்திரை எடுக்கிறான். அட்ரினலினின் உதையை அது மட்டுப்படுத்துகிறது. ஒரு நாளும் தவறவிடக் கூடாது என்பதில் அம்மம்மா காவல் நிற்கிறார். வாந்திக்குக் கடையில் வாங்கும் டொம்பெரிடோன், நெஞ்சுச் சளிக்கு எழுதப்படும் எரித்ரோமைசின் போன்றவை கியூடியை மேலும் நீட்டும் என்பதால், தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் ஒன்று அவனுடைய பணப்பையில் இருக்கிறது. போட்டி ஓட்டமும் கடல் குளிப்பும் நின்றுபோயின. அதற்காக அவன் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

பெற்றோரில் ஒருவருக்கு இந்தக் குறை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர இரண்டில் ஒரு வாய்ப்பு. அதனால் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு இசிஜி எடுத்தார்கள். அம்மாவுக்குத் திருத்திய அளவு 0.47. ஒரு நாளும் மயங்காதவர், நோய் அவர் வழியாக வந்திருக்கிறது. பத்து வயதுத் தங்கைக்கு 0.48. அவளும் இதுவரை விழுந்ததில்லை. அன்று மாலையே அவளுடைய மாத்திரையும் தொடங்கியது.