230 வோல்ட் என்பது எந்தச் சராசரி?

வேலூரில் ஒரு வீட்டுச் சுவரிலுள்ள பிளக்கில் 230 வோல்ட் மின்னழுத்தம் வருகிறது என்று சொல்கிறோம். ஆனால் அந்தப் பிளக்கின் இரு துளைகளுக்கு இடையிலான மின்னழுத்தம் ஒரு நொடிகூட 230 வோல்ட்டில் நிலைத்து நிற்பதில்லை. அது பூச்சியத்திலிருந்து ஏறி 325 வோல்ட்டைத் தொட்டு, மீண்டும் இறங்கிப் பூச்சியத்தைக் கடந்து, எதிர்த்திசையில் 325 வோல்ட் வரை சென்று திரும்புகிறது. இந்தச் சுழற்சி நொடிக்கு 50 முறை நடக்கிறது. ஓயாமல் மாறுகிற ஓர் அளவுக்கு 230 என்ற ஒரே எண்ணைச் சூட்ட வேண்டுமானால், அந்த எண் ஏதோ ஒரு வகைச் சராசரியாகத்தான் இருக்க முடியும்.

நமக்குப் பழக்கமான கூட்டுச் சராசரி இங்கே உதவாது. ஒரு சுழற்சியின் முதற்பாதியில் மின்னழுத்தம் எவ்வளவு நேர்க்குறியில் இருக்கிறதோ, அவ்வளவே மறுபாதியில் எதிர்க்குறியில் இருப்பதால் கூட்டினால் பூச்சியமே வரும். குறியைப் பொருட்படுத்தாமல் அளவை மட்டும் எடுத்துச் சராசரி கண்டால் 207 வோல்ட் கிடைக்கிறது. இது பூச்சியத்தைப் போல அபத்தமான விடை அல்ல. ஆனாலும் மின்சாரத்தைப் பயன்படுத்துபவருக்கு இது தவறான தகவலையே தருகிறது. ஏன் என்பதை ஓர் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டு பார்க்கலாம்.

1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் உள்ளேயிருக்கும் சூடேற்றும் சுருளின் மின்தடை ஏறத்தாழ 52.9 ஓம். அதில் எந்தக் கணத்திலும் உண்டாகும் வெப்பத்தின் வேகம், அந்தக் கணத்தின் மின்னழுத்தத்தை இருமடியாக்கி மின்தடையால் வகுத்தால் கிடைக்கும். மின்னழுத்தம் 325 வோல்ட்டில் இருக்கும்போது சுருள் கிட்டத்தட்ட 2000 வாட் வேகத்தில் வெப்பத்தை உண்டாக்குகிறது. மின்னழுத்தம் பூச்சியத்தைக் கடக்கும்போது எதையும் உண்டாக்குவதில்லை. மின்னழுத்தத்தின் திசை மாறினாலும் இருமடி மாறாது என்பதால், இந்த ஏற்ற இறக்கம் நொடிக்கு 100 முறை நிகழ்கிறது. பெட்டியின் கனமான அடித்தட்டு இவ்வளவு விரைவாகச் சூடேறி ஆற இயலாது. ஆகவே துணியின் மேல் படுவது சராசரி வெப்பம் மட்டுமே. அந்தச் சராசரி 1000 வாட். மாறாத மின்னழுத்தம் தரும் ஒரு பேட்டரி வரிசையால் அதே 1000 வாட்டை உண்டாக்க வேண்டுமென்றால் 230 வோல்ட் தேவை. 207 வோல்ட் கொடுத்தால் 810 வாட்தான் கிடைக்கும்.

ஆக, வெப்பத்தைத் தீர்மானிப்பது மின்னழுத்தத்தின் சராசரி அல்ல, அதன் இருமடியின் சராசரி. எனவே முதலில் ஒவ்வொரு கணத்தின் மதிப்பையும் இருமடியாக்க வேண்டும். பிறகு அந்த இருமடிகளின் சராசரியைக் காண வேண்டும். இறுதியில் அந்தச் சராசரியின் வர்க்கமூலத்தை எடுத்து மீண்டும் வோல்ட்டுக்கு வர வேண்டும். இப்படிப் பெறுவதுதான் சராசரி இருமடி மூலம், சுருக்கமாக ஆர்.எம்.எஸ். மதிப்பு.

இதைத் தாளிலேயே செய்து பார்க்கலாம். அரைச் சுழற்சியை ஆறு சம இடைவெளிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் மின்னழுத்தத்தைக் குறித்தால் 0, 162.5, 281.5, 325, 281.5, 162.5 என்று வரும். இவற்றின் இருமடிகள் உச்சத்தின் இருமடியான 105625-இல் முறையே 0, கால், முக்கால், முழுமை, முக்கால், கால் பங்குகள். அந்தப் பங்குகளைக் கூட்டினால் 3. ஆறால் வகுத்தால் அரை. 105625-இல் பாதி 52812.5, அதன் வர்க்கமூலம் 229.8. ஆறே புள்ளிகளில் இவ்வளவு துல்லியமாக விடை வருவது தற்செயல் அல்ல. சுவர் மின்னழுத்தம் ஏறி இறங்கும் வடிவமான சைன் அலையையும், அதையே கால் சுழற்சி தள்ளி வைத்த அலையையும் இருமடியாக்கிக் கூட்டினால் எப்போதும் உச்சத்தின் இருமடியே வரும். இரண்டின் சராசரியும் சமம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் சரிபாதி கிடைக்கிறது. இதனால்தான் சைன் அலையின் ஆர்.எம்.எஸ். மதிப்பைக் காண உச்சத்தை இரண்டின் வர்க்கமூலமான 1.414 ஆல் வகுக்கிறோம்.

கோடையில் தேவை கூடி, தெருவின் கடைசி வீட்டுக்கு 200 வோல்ட் மட்டும் வந்து சேர்ந்தால், குறைவு 13 விழுக்காடுதான். ஆனால் இருமடியின் விளைவால் அதே இஸ்திரிப் பெட்டி 756 வாட்டுக்குச் சரிந்துவிடும். துணியின் சுருக்கம் எளிதில் போகாததற்கு இதுவே காரணம்.

1.414 என்ற எண்ணும் 1.11 என்ற இன்னோர் எண்ணும் சைன் அலைக்கு மட்டுமே சொந்தமானவை என்பதை மறக்கும் இடத்தில்தான் அளவீடு தவறுகிறது. விலை குறைந்த மல்டிமீட்டர்கள் பெரும்பாலும் ஆர்.எம்.எஸ். மதிப்பை உண்மையில் கணக்கிடுவதில்லை. அவை குறியை நீக்கிய எளிய சராசரியை அளந்து, அதை 1.11 ஆல் பெருக்கித் திரையில் காட்டுகின்றன. 207-ஐ 1.11 ஆல் பெருக்கினால் 230 வருவதால், சுவர் மின்சாரத்தில் இந்த உத்தி சரியாகவே வேலை செய்கிறது. மின்வெட்டின்போது ஓடும் எளிய இன்வெர்ட்டரிலோ கதை வேறு. அது தருவது பல சமயங்களில் சைன் அலை அல்ல, படி வடிவ அலை. அரைச் சுழற்சிக்கான 10 மில்லி நொடியில் 5 மில்லி நொடி 325 வோல்ட்டாகவும் மீதி 5 மில்லி நொடி பூச்சியமாகவும் அது இருப்பதாகக் கொள்வோம். இருமடியின் சராசரி மறுபடியும் 52812.5, எனவே உண்மையான ஆர்.எம்.எஸ். மதிப்பு 230 வோல்ட். மின்குமிழின் இழை சுவர் மின்சாரத்தில் பெறும் அதே வெப்பத்தைப் பெறும். ஆனால் எளிய சராசரி 162.5 மட்டுமே. ஆகவே மலிவு மீட்டர் 180 வோல்ட் என்று காட்டும். இன்வெர்ட்டர் பழுது என்று நினைத்து, மீட்டரில் 230 வரும்வரை வெளியீட்டு மின்னழுத்தத்தை உயர்த்தினால், உண்மை மதிப்பு 290 வோல்ட்டைத் தாண்டிவிடும். அது சாதனங்களைக் கெடுக்கும். வாங்கும்போது ‘ட்ரூ ஆர்.எம்.எஸ்.’ என்று குறிக்கப்பட்ட மீட்டரைக் கேட்டு வாங்குவதே, இன்வெர்ட்டர் சரிபார்ப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே அறிவுரை.

ஆர்.எம்.எஸ். மதிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. அது வெப்பத்தைப் பற்றித்தான் பேசுகிறது. மின்காப்பைப் பற்றிப் பேசவில்லை. காப்புப் பொருள் சராசரியால் அல்ல, உச்சத்தால் உடைகிறது. காட்பாடி சந்திப்பின் மேல் செல்லும் ரயில் மின்கம்பியின் 25,000 வோல்ட்டும் ஆர்.எம்.எஸ். மதிப்பே, அந்தக் கம்பியைத் தாங்கும் பீங்கான் காப்பிகள் தாங்கியாக வேண்டியது 35,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட உச்சத்தை. கைப்பேசி சார்ஜரின் உள்ளேயும் இதே நிலைதான்: நேர்திசையாக்கப்பட்ட சுவர் மின்சாரத்தைத் தேக்கும் மின்தேக்கி 230 வோல்ட்டுக்கு அல்ல, ஏறத்தாழ 325 வோல்ட்டுக்கு மின்னேற்றம் அடைகிறது. சுவர் மின்னழுத்தம் பத்து விழுக்காடு கூடினால் அது 358 வோல்ட்டாகும். அந்த இடத்தில் 400 வோல்ட் மின்தேக்கியைப் பொருத்துவது இதனால்தான். பெயரளவை நம்பி 250 வோல்ட் மின்தேக்கியைப் பொருத்தினால் அது விரைவிலேயே உப்பி வெடித்துவிடும்.