ஒரு நாளைக்கு 36 நானோ வினாடி: பல்சாரின் ஆற்றல் இழப்பைக் கணக்கிடும் வழி

நண்டு நெபுலாவின் நடுவிலிருக்கும் பல்சார் வினாடிக்கு ஏறத்தாழ 30 முறை சுழல்கிறது. 1991-ஆம் ஆண்டு அளவீட்டின்படி ஒரு சுற்றுக்கு அது எடுத்துக்கொண்ட நேரம் 33.39 மில்லி வினாடி. ஒரு நாள் கழித்து அதே சுற்றை அளந்தால் 36 நானோ வினாடி கூடியிருக்கும். இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால், அந்த விண்மீன் வினாடிக்கு எவ்வளவு ஆற்றலை இழக்கிறது என்று சொல்லிவிடலாம். அதன் பிரகாசத்தை அளக்க வேண்டாம், தூரமும் தெரிந்திருக்க வேண்டாம். தூரம் தேவைப்படாத கணக்கு விண்ணியலில் அபூர்வம். ஆனால் இந்தச் சலுகைக்கும் ஒரு எல்லை உண்டு. அதற்குக் கடைசியில் வருவோம்.

பல்சார் என்பது சுழலும் நியூட்ரான் விண்மீன். உள்ளே எரிபொருள் ஏதும் எரியவில்லை. அதன் சேமிப்பெல்லாம் சுழற்சியின் இயக்க ஆற்றல்தான். அந்த ஆற்றல் ½Iω². இங்கே I என்பது நிலைமத் திருப்புத்திறன், ω என்பது கோணத் திசைவேகம். சுழற்சிக் காலம் P என்றால் ω = 2π/P. இதைப் பதிலிட்டு, காலத்தைப் பொறுத்து வகையிட்டால் ஆற்றல் குறையும் வீதம் கிடைக்கிறது:

```
E = 2π² I / P²
Ė = 4π² I Ṗ / P³
```

Ṗ என்பது P மாறும் வீதம். அது வினாடிக்கு எத்தனை வினாடி என்ற அளவு, அதனால் அதற்கு அலகு கிடையாது. முறைப்படி Ė-க்கு முன்னால் ஒரு கழித்தல் குறி வர வேண்டும். இழப்பின் அளவைத்தான் பேசுகிறோம் என்பதால் அதை விட்டுவிடுவது வழக்கம்.

இதில் நேரடியாக அளக்க முடியாதது I மட்டும். நிறை சூரியனைப் போல் 1.4 மடங்கு, ஆரம் 10 கிலோமீட்டர், உள்ளே சீரான அடர்த்தி என்று வைத்துக்கொண்டால் ⅖MR² தருவது 1.1 × 10³⁸ கிலோகிராம் சதுர மீட்டர். நடைமுறையில் எல்லாரும் 10³⁸ என்று முழு எண்ணாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஆரம் 12 கிலோமீட்டராக இருந்தால் அதுவே 1.6 × 10³⁸ ஆகிவிடும். எனவே விடையில் ஏறத்தாழ இரண்டு மடங்கு வரை நிச்சயமின்மை எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். பட்டியல்களில் Ė-ஐ மூன்று தசம இலக்கத்தோடு பார்த்தால், அந்த இலக்கங்கள் I-ஐ 10³⁸ என்று நிலையாக வைத்ததால் வந்தவை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

நண்டுக்கு Ṗ = 4.21 × 10⁻¹³. சூத்திரத்தின் மேல்பகுதியில் 39.48 × 10³⁸ × 4.21 × 10⁻¹³, அதாவது 1.66 × 10²⁷. கீழே 0.03339-இன் மும்மடி, 3.72 × 10⁻⁵. வகுத்தால் 4.5 × 10³¹ வாட். சூரியன் வெளியிடுவது 3.83 × 10²⁶ வாட். ஆக, 20 கிலோமீட்டர் குறுக்களவுள்ள அந்த உருண்டை ஏறத்தாழ 1,17,000 சூரியன்களின் அளவுக்கு ஆற்றலை வெளியே தள்ளுகிறது.

கையால் போடும்போது தவறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். P-ஐ மில்லி வினாடியிலேயே விட்டுவிட்டால், மும்மடி காரணமாக விடை நூறு கோடி மடங்கு பிசகும். இன்னொன்று அலகு. ஆய்வுக் கட்டுரைகளில் I பெரும்பாலும் 10⁴⁵ கிராம் சதுர சென்டிமீட்டர் என்று இருக்கும். விடை வினாடிக்கு எர்க் கணக்கில் வரும். ஒரு ஜூல் 10⁷ எர்க். அந்த அலகில் நண்டின் எண் 4.5 × 10³⁸.

கிடைத்த எண் நம்பத்தக்கதுதானா? நண்டு நெபுலா மொத்தமாக ஒளிர்வது ஏறத்தாழ 10³¹ வாட். 1054-இல் மக்கள் பார்த்த சூப்பர்நோவாவின் மிச்சம் அது. அதில் எக்ஸ் கதிர் வீசும் எலக்ட்ரான்கள் சில ஆண்டுகளிலேயே தம் ஆற்றலைத் தீர்த்துவிடும். ஆயிரம் ஆண்டு கழித்தும் நெபுலா ஒளிர்கிறதென்றால் உள்ளிருந்து எதுவோ தொடர்ந்து ஊட்டிக்கொண்டிருக்க வேண்டும். சுழலும் நியூட்ரான் விண்மீன் ஒன்று இதைச் செய்யக்கூடும் என்று விண்ணியலாளர் பச்சினி 1967-இலேயே எழுதினார், முதல் பல்சார் பற்றிய செய்தி வெளிவருவதற்கு முன்பு. 1968-இல் நண்டுப் பல்சார் அகப்பட்டு, அடுத்து அதன் வேகக் குறைவும் அளக்கப்பட்டபோது, நெபுலாவின் செலவுக்குப் பல்சாரின் இழப்பு தாராளமாகப் போதும் என்று தெரிந்தது. மீதி, நெபுலாவை விரித்துத் தள்ளுவதற்கும் துகள்களையும் காந்தப்புலத்தையும் நிரப்புவதற்கும் போகிறது. நமக்குக் கேட்கும் ரேடியோத் துடிப்பு இந்த வரவு செலவில் சில்லறைக் காசு. ரேடியோப் பிரகாசத்தை வைத்துப் பல்சாரின் ஆற்றல் இழப்பை மதிப்பிட முயன்றால் ஏமாந்துபோவோம்.

கீழே உட்கார்ந்திருக்கும் மும்மடிதான் இந்தச் சூத்திரத்தில் பெரிய கை. முதலில் கண்டுபிடிக்கப்பட்ட பல்சாருக்கு P 1.337 வினாடி, Ṗ 1.35 × 10⁻¹⁵. அதன் Ė 2.2 × 10²⁴ வாட், சூரியனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 1.56 மில்லி வினாடியில் சுற்றும் B1937+21-இன் Ṗ அதையும்விடப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் சிறியது, 1.05 × 10⁻¹⁹. ஆனாலும் அதன் இழப்பு 1.1 × 10²⁹ வாட். மெல்ல வேகம் குறைகிறது என்பதால் குறைவாக இழக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது.

சரி, 36 நானோ வினாடியை எப்படி அளக்கிறார்கள்? ஒரு சுற்றை மட்டும் கடிகாரம் வைத்துப் பிடிப்பதில்லை, சுற்றுக்கு ஒருமுறை வரும் துடிப்பை வைத்துச் சுற்றுகளை எண்ணுகிறார்கள். நண்டுப் பல்சார் ஒரு நாளில் சுமார் 25.87 லட்சம் முறை சுழலும். காலையில் அளந்த வேகத்திலேயே போகும் என்று கணித்து மறுநாள் காத்திருந்தால், அது 1.4 சுற்று பின்தங்கியிருக்கும். இந்தப் பின்னடைவு காலத்தின் வர்க்கத்தில் வளரும். ஒரு மணி நேரத்தில் ஒரு சுற்றில் நானூறில் ஒரு பங்கு, அதாவது 82 மைக்ரோ வினாடி. பத்து நாளில் 141 சுற்று. துடிப்பு வந்து சேரும் நேரத்தைப் பல நாள் குறித்து, அந்த வளைவுக்கு ஒரு இருபடிக் கோவையைப் பொருத்தினால் Ṗ தானாக வந்துவிடும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் மற்றதைப் போலவே இருப்பதால், இரண்டு அளவீடுகளுக்கு இடையில் எத்தனை சுற்று கழிந்தது என்பதை நாம்தான் சரியாகச் சொல்ல வேண்டும். Ṗ தெரியாத நிலையில் நேரடியாகப் பத்து நாள் இடைவெளி விட்டால் 141 சுற்றா, 140 சுற்றா என்று சொல்ல வழியில்லை. எனவே முதல் நாள் சில மணி நேர இடைவெளியில் தொடங்கி, கணிப்பு அரைச் சுற்றுக்குள் நிற்கும்படி இடைவெளியைப் படிப்படியாக நீட்டுவார்கள். எண்ணிக்கை ஒன்று தவறினாலும் பொருத்தத்தின் மிச்சம் சீராக இல்லாமல் ஒரு முழுச் சுற்று அளவுக்குத் தாவும். தவறு நடந்ததற்கு அதுதான் அடையாளம்.

அடுத்தது பூமியின் ஓட்டம். நாம் சூரியனைச் சுற்றும்போது, பல்சாரை நோக்கிய நம் வேகம் மாறிக்கொண்டே இருக்கிறது. டாப்ளர் விளைவால் P-யும் மாறுகிறது. நண்டுக்கு இந்தப் போலி மாற்றத்தின் உச்சம் 6.6 × 10⁻¹³. உண்மையான Ṗ-ஐவிட இது பெரிது! ஜூன் நடுவில் சூரியன் நண்டு நெபுலாவின் திசைக்கு வரும். அதையொட்டிய மூன்று மாதத்துக்கும் மேலாக, திருத்தம் செய்யாத அளவீட்டில் பல்சார் வேகமெடுப்பதாகவே தெரியும். அதனால்தான் ஒவ்வொரு துடிப்பின் நேரத்தையும் முதலில் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்கு மாற்றி எழுதுகிறார்கள். பட்டியலில் உள்ள P, Ṗ எல்லாம் இப்படித் திருத்தியவை. தொலைநோக்கியில் பிடித்த காலத்தை நேரே எடுத்துப் பட்டியல் மதிப்போடு கழித்து Ṗ கண்டுபிடிக்கப் பார்ப்பது வீண்.

பல்சாரும் சில நேரம் நம்மை ஏமாற்றும். வேலா பல்சார் 1969-இல் திடீரென்று பத்து லட்சத்தில் இரண்டு பங்கு அளவுக்கு வேகமெடுத்தது. 89 மில்லி வினாடியில் அது 0.18 மைக்ரோ வினாடி குறைவு. வேலாவின் Ṗ 1.25 × 10⁻¹³ என்பதால், இந்த ஒரு துள்ளல் பதினாறு நாள் வேகக் குறைவை அழித்துவிடும். துள்ளலுக்கு முன்னொரு நாள், பின்னொரு நாள் என்று இரண்டே புள்ளிகளை வைத்துக் கழித்தால் Ė பூஜ்யம் என்றுகூட வரலாம். நடுவில் அடிக்கடி அளந்திருந்தால் மட்டுமே துள்ளல் தனியாகத் தெரியும்.

இப்போது தூரத்துக்கு வருவோம். விண்மீன் நம் பார்வைக்குக் குறுக்காக நகர்ந்தால், நேர்கோட்டில் போகும் அதன் தூரம் காலத்தின் வர்க்கத்தில் கூடும். துடிப்பும் அதே வளைவில் தாமதமாகும். சுழற்சி தளர்வதால் வரும் பின்னடைவும் வர்க்க வளைவுதானே? இரண்டையும் நேர அளவீட்டால் மட்டும் பிரிக்க முடியாது. ஷ்க்ளோவ்ஸ்கி விளைவு என்று பெயர். அதன் பங்கு Pμ²d/c. இங்கே μ என்பது வானில் நகரும் கோண வேகம், d தூரம், c ஒளியின் வேகம்.

நண்டுக்கு இது பொருட்படுத்த வேண்டாத அளவு. மில்லி வினாடிப் பல்சார்களில் கதை வேறு. J0437−4715 சுமார் 157 பார்செக் தொலைவில், ஆண்டுக்கு 0.141 கோண வினாடி நகர்கிறது. P 5.757 மில்லி வினாடி, அளந்த Ṗ 5.73 × 10⁻²⁰. இதை அப்படியே சூத்திரத்தில் போட்டால் 1.2 × 10²⁷ வாட், மூன்று சூரியன். ஆனால் ஷ்க்ளோவ்ஸ்கி பங்கு மட்டும் 4.36 × 10⁻²⁰. கழித்தால் மிஞ்சுவது 1.37 × 10⁻²⁰. உண்மையான இழப்பு 2.8 × 10²⁶ வாட், முக்கால் சூரியன்கூட இல்லை. நான்கு மடங்கு பிழை. முன்வாசலில் வேண்டாம் என்று அனுப்பிய தூரம் கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்துவிட்டது.

இதைவிட மோசமான இடம் கோள வடிவ விண்மீன் கொத்து. அங்கே கொத்தின் ஈர்ப்பே பல்சாரை இழுத்து முடுக்குகிறது. M15 கொத்திலுள்ள B2127+11A-வுக்கு அளந்த Ṗ எதிர்மறை எண். சூத்திரத்தின்படி அது ஆற்றலைச் சேர்த்துக்கொண்டிருக்க வேண்டும்! அப்படி நடக்கவில்லை, நம் பக்கமாக இழுக்கப்படுவதால் துடிப்புகள் நெருங்கி வருகின்றன. அந்த எண்ணிலிருந்து Ė-ஐ எடுக்க முடியாது. அதனால் கணக்கைத் திருப்பிப் போட்டார்கள்: P-யும் எதிர்மறை Ṗ-யும் சேர்ந்து, கொத்தின் நடுப்பகுதி அந்தப் பல்சாரைக் குறைந்தபட்சம் எவ்வளவு முடுக்கத்தோடு இழுக்கிறது என்பதைச் சொல்கின்றன.