சைக்கிளோத்திரன்: பெயரில் விடுபட்டுப்போன ‘பரிவு’

வெள்ளவத்தையில் உயர்தர மாணவருக்குப் பௌதிகவியல் வகுப்பு எடுக்கிறேன். அண்மையில் ஒரு மாணவி கேட்டார்: “சேர், யூடியூப்பில சைக்ளோட்ரான் எண்டு சொல்லினம், நீங்கள் சைக்கிளோத்திரன் எண்டு எழுதுறீங்கள். இதுக்குச் சரியான தமிழ் என்ன?”

சைக்கிளோத்திரன் என்பது புரோத்தன் போன்ற ஏற்றமுள்ள துகள்களைக் காந்தப்புலத்தில் சுற்றவைத்து வேகமேற்றும் கருவி. முதலில் எழுத்துக்கூட்டல். இலங்கைப் பாடநூலில் எலக்ட்ரான் ‘இலத்திரன்’ ஆனது போலவே இதுவும் ‘த்திரன்’ என்று முடிகிறது. சைக்ளோட்ரான், சைக்கிளோத்திரன் இரண்டும் ஒரே சொல்தான். முன்பாதி கிரேக்கத்தில் வட்டம், சில்லு என்று பொருள்படும். நாம் ஓட்டும் சைக்கிளும் அதே வேரிலிருந்து வந்ததுதான்.

ஆனால் இது அந்தக் கருவிக்கு வைத்த பெயரே அல்ல. பேர்க்லியில் ஏர்னஸ்ட் லோறன்ஸ் குழுவினர் 1935இல் எழுதிய கட்டுரையில் முறையான பெயரொன்றை முன்வைத்தார்கள். தமிழில் சொன்னால் ‘காந்தப் பரிவு ஆர்முடுக்கி’. ‘சைக்கிளோத்திரன்’ ஆய்வுகூடத்துக்குள் புழங்கும் பேச்சுவழக்கு என்று அதே கட்டுரையில் குறித்தார்கள். கடைசியில் பேச்சுவழக்குத்தான் நிலைத்தது. அதோடு ‘பரிவு’ விடுபட்டுப்போனது. எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது, ஏனென்றால் கருவியின் உயிர் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

வட்டமான பிஸ்கட் டின் ஒன்றை நடுவால் இரண்டாக வெட்டிச் சற்று விலக்கி வைத்ததாக நினையுங்கள். மேலும் கீழும் பெரிய காந்தம். டின்னின் பாதிகளுக்குள் புரோத்தன் மீது மின்விசை இல்லை. காந்தப்புலம் அதை அரைவட்டமாக வளைக்க மட்டும் செய்யும். இடைவெளியைக் கடக்கும்போதுதான் மின்னழுத்தம் அதைத் தள்ளும். மறுபக்கத்தால் திரும்பி வரும்போது மின்னழுத்தம் திசை மாறியிருந்தால் மறுபடியும் முன்னோக்கித் தள்ளு விழும்.

வேகம் கூடக் கூட நேரம் குறையாதா? குறையாது. வேகம் இரட்டித்தால் அரைவட்டத்தின் ஆரையும் இரட்டிக்கிறது. அதனால் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் மாறுவதில்லை. ஒரு செக்கனில் எத்தனை சுற்று என்ற மீடிறன் இதுதான்:

f = qB / (2πm)

q துகளின் ஏற்றம், B காந்தப்புலம், m திணிவு. இதில் வேகமும் இல்லை, ஆரையும் இல்லை. 1.5 தெசுலா புலத்தில் புரோத்தனுக்கு இது ஏறத்தாழ 22.9 மெகாஹேர்ட்ஸ். மின்னழுத்தத்தையும் அதே மீடிறனில் மாற்றிக்கொண்டிருந்தால் போதும். இந்த ஒத்துப்போதல்தான் பரிவு. ஒரு கடப்புக்கு 50,000 வோல்ற்று என்றால் சுற்றுக்கு இரண்டு தள்ளு. 170 சுற்றில் 1.7 கோடி இலத்திரன்வோல்ற்று. அப்போது ஆரை 40 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். இவ்வளவும் நடக்க ஒரு செக்கனில் இலட்சத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

மீடிறன் ஒரு சதவீதம் பிசகினால் என்ன ஆகும்? சுற்றுக்கு 3.6 பாகை பிந்தும். 25 சுற்றில் 90 பாகை. இடைவெளிக்கு வரும்போது மின்னழுத்தம் பூச்சியமாக இருக்கும். அதற்குப் பிறகு தள்ளு எதிர்த்திசையில் விழுந்து புரோத்தன் அமர்முடுகத் தொடங்கும். இலக்கில் அளக்கும் கற்றையோட்டம் விழுவதைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம். மீடிறனைச் சரியாக வைத்தாலும் பிசகு தானாக வரும், ஏனென்றால் 1.7 கோடி இலத்திரன்வோல்ற்றில் சார்புக் கொள்கைப்படி புரோத்தனின் திணிவு 1.8 சதவீதம் கூடிவிடுகிறது. அதற்காகத்தான் இன்றைய கருவிகளில் விளிம்பை நோக்கிப் புலத்தைக் கொஞ்சம் கூட்டி அமைக்கிறார்கள்.

பரிவு என்றால் அன்பு, இரக்கம் என்றுதான் வீட்டில் சொல்வோம். ஒரு தந்தி அதிர, அதே சுருதியிலுள்ள மற்றத் தந்தி தொடாமலே அதிர்வதை அந்தச் சொல்லால் குறித்தவரை நான் மனமார மெச்சுகிறேன். தமிழகத்து ‘ஒத்ததிர்வு’ம் நல்ல சொல்தான். சைக்கிளோத்திரனை ‘சுழற்சி முடுக்கி’ என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. துகளைச் சுழற்றி முடுக்கும் வேறு கருவிகளும் உண்டு, அவற்றுக்கும் அந்தப் பெயர் பொருந்திவிடும்.

சரி, இந்தப் புரோத்தனை என்ன செய்வது? மெல்லிய உலோகத் தகட்டின் பின்னால் சில மில்லிலீற்றர் தண்ணீர். சாதாரணத் தண்ணீர் அல்ல, ஒட்சிசன்-18 செறிந்தது. புரோத்தன் உள்ளே போய் நியூத்திரன் வெளியே வர, ஒட்சிசன்-18 புளோரின்-18 ஆகிறது. புற்றுநோயைத் தேடும் பெற் ஸ்கானுக்கு அதைக் குளுக்கோசு போன்ற மூலக்கூறில் கோத்து ஊசியாக ஏற்றுவார்கள். இயற்கை நீரில் ஆயிரம் ஒட்சிசன் அணுவில் இரண்டுதான் ஒட்சிசன்-18. மீதி ஏறக்குறைய எல்லாமே ஒட்சிசன்-16. அதில் புரோத்தன் பட்டால் 10 நிமிட அரைவாழ்வுள்ள நைதரசன்-13 உண்டாகும். செறிந்த நீர் விலை கூடியதென்றாலும் அதை வாங்குவது இதற்காகத்தான்.

ஒட்சிசன்-16, ஒட்சிசன்-18 போல ஒரே மூலகத்தின் வெவ்வேறு திணிவுள்ள அணுக்களைச் ‘சமதானி’ என்கிறோம். ஆவர்த்தன அட்டவணையில் சம தானம், அதாவது ஒரே இடம். கிரேக்க மூலத்துக்கும் அச்சொட்டாக அதே பொருள்தான்.

மாணவிக்குச் சொன்னது இது: விடைத்தாளில் சைக்கிளோத்திரன் என்றே எழுதுங்கள். விளக்கத்தில் முதல் தடவை மட்டும் ‘காந்தப் பரிவு ஆர்முடுக்கி’ என்று சேருங்கள். அப்புறம் அவர் இன்னொன்று கேட்டார்: “கொழும்பில செய்து யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில அனுப்பேலாதா?” புளோரின்-18இன் அரைவாழ்வு 110 நிமிடம். பயணம் எட்டு மணித்தியாலம். கணக்கை அவரே போட்டார். ஏற்றியதில் போய்ச் சேர்வது ஐந்து சதவீதத்துக்கும் குறைவு.