எண் சரி, வாக்கியம் தவறு: சட்டச் சுருக்கத்தை மேற்கோள் காட்டுவதற்கு முன்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 பற்றிக் கீழே உள்ளதைப் போன்ற ஒரு பத்தியைப் போட்டித் தேர்வுக் கையேடுகளிலும் இணையதளங்களிலும் சிற்சில மாற்றங்களோடு பார்க்கலாம்.

"ரூ.10 கட்டணத்துடன், 500 சொற்களுக்கு மிகாமல் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்த 30 நாட்களில் தகவல் தர வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ.250 வீதம் ரூ.25,000 வரை அபராதம். இரண்டாம் மேல்முறையீட்டை ஆணையம் 90 நாட்களில் முடிக்க வேண்டும். தகவல் ஆணையர்களின் பதவிக்காலம் 5 ஆண்டுகள்."

இதில் கற்பனை எண் ஒன்றுகூட இல்லை. எல்லா எண்களும் ஏதோ ஓர் அதிகாரபூர்வ வாசகத்திலிருந்து வந்தவைதான். ஆனாலும் இந்த ஐந்து வாக்கியங்களில் ஒன்றைக்கூட அப்படியே மேற்கோள் காட்ட முடியாது. சுருக்கி எழுதுபவர் பெரும்பாலும் எண்ணில் தவறுவதில்லை. அந்த எண் எந்த ஆவணத்தில் இருக்கிறது, எந்த நாளிலிருந்து ஓடுகிறது, யாரைக் கட்டுப்படுத்துகிறது, எந்த நிபந்தனையோடு வருகிறது என்பதில்தான் தவறுகிறார். அதனால் எண்ணை மட்டும் மூலத்தில் தேடிப் பார்த்து "இருக்கிறது" என்று டிக் அடிப்பது சரிபார்ப்பு ஆகாது.

அந்த வாசகம் எங்கே இருக்கிறது?

முதல் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். சட்டத்தின் 6(1) பிரிவைத் திறந்தால் பத்து ரூபாயும் இல்லை, ஐந்நூறு சொல்லும் இல்லை. "விதிக்கப்படும் கட்டணத்துடன்" என்ற பொருளில் மட்டுமே அங்கே இருக்கிறது. அப்படி ஒரு சொற்றொடர் கண்ணில் பட்டால், சட்டத்தை மூடிவிட்டு விதிகளைத் தேட வேண்டும் என்று பொருள். விதி செய்யும் அதிகாரத்தை 27-ஆம் பிரிவு மத்திய, மாநில அரசுகளுக்குத் தனித்தனியாகத் தருகிறது. உயர் நீதிமன்றம், சட்டமன்றம் போன்றவற்றுக்கு 28-ஆம் பிரிவு தருகிறது.

பத்து ரூபாயும் 500 சொல்லும் மத்திய அரசின் தகவல் அறியும் உரிமை விதிகள், 2012-இல், 3-ஆம் விதியில் உள்ளன. அவை மத்திய அரசு அலுவலகங்களுக்கானவை. கர்நாடகத்தின் விதியில் வரம்பு 150 சொற்கள். விண்ணப்பம் ஒரே பொருளைப் பற்றியதாகவும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குக் கட்டண விதிகள் தனியே இருக்கின்றன. ஆகவே "சட்டப்படி 500 சொற்கள்" என்று எழுதுவது இரண்டு மடங்கு தவறு: சட்டத்தில் அது இல்லை, எல்லா அலுவலகத்துக்கும் அது பொருந்தவும் இல்லை.

அந்த 3-ஆம் விதியை முழுசாக வாசித்தால் இன்னொன்றும் தெரியும். விண்ணப்பம் "சாதாரணமாக" 500 சொற்களைத் தாண்டக் கூடாது என்றுதான் இருக்கிறது. இணைப்புகளும் முகவரிகளும் கணக்கில் சேராது. உடனே ஒரு வரம்புரை, அதாவது விதிக்கு விலக்கோ கட்டுப்பாடோ சேர்க்கும் பத்தி, வருகிறது: 500 சொற்களுக்கு மேல் இருக்கிறது என்ற காரணத்துக்காக எந்த விண்ணப்பத்தையும் நிராகரிக்கக் கூடாது. சுருக்கத்தில் "சாதாரணமாக"வும் விழுந்துவிட்டது, வரம்புரையும் விழுந்துவிட்டது. மிஞ்சியது விதி சொல்வதற்கு நேர் எதிரான அர்த்தம். ஆங்கில மூலத்தில் "புரவைடட் தட்" என்று தொடங்கும் பத்தி இருக்கும்வரை பிரிவு முடியவில்லை என்று கொள்ள வேண்டும். அதுவரை வாசிக்காமல் மேற்கோள் எழுதக் கூடாது.

எந்த நாளிலிருந்து?

"விண்ணப்பித்த 30 நாட்களில்" என்பது அடுத்தது. 7(1) பிரிவு சொல்வது விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்து, கூடிய விரைவில், எப்படியும் 30 நாட்களுக்குள். "அனுப்பிய", "கிடைத்த" என்ற இரண்டு சொற்களுக்கு நடுவே என்ன வேறுபாடு வரும் என்று நாள் போட்டுப் பார்ப்பதே நல்ல சோதனை.

மார்ச் 3 அன்று தபாலில் சேர்த்த விண்ணப்பம் மார்ச் 6 அன்று பொதுத் தகவல் அலுவலருக்குக் கிடைக்கிறது என்று வையுங்கள். "கிடைத்த நாளிலிருந்து" என்னும்போது அந்த முதல் நாளை விட்டுவிட்டு எண்ணுவது 1897-ஆம் ஆண்டின் பொதுக் கூறுகள் சட்டத்தின் 9-ஆம் பிரிவு தரும் முறை. மார்ச் 7 முதல் நாள். முப்பதாவது நாள் ஏப்ரல் 5. சுருக்கத்தை நம்பியவர் மார்ச் 3-இலிருந்து எண்ணி, ஏப்ரல் 2-உடன் கெடு முடிந்தது என்று 3-ஆம் தேதியே முதல் மேல்முறையீடு அனுப்பிவிடுவார். கெடு இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால், அது முன்கூட்டியே வந்தது என்று திரும்பி வரக்கூடும்.

அந்த 30 நாளும் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஓடாது. விண்ணப்பத்தை உதவிப் பொதுத் தகவல் அலுவலரிடம் கொடுத்திருந்தால் 5(2) பிரிவின்படி ஐந்து நாள் கூடும். கெடு ஏப்ரல் 10 ஆகும். நகல் கட்டணம் கேட்டு அலுவலர் கடிதம் அனுப்பினால், கடிதம் அனுப்பியதற்கும் பணம் கட்டியதற்கும் இடைப்பட்ட காலத்தை 7(3) கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது. மறுபக்கம், ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சார்ந்த தகவல் என்றால் 48 மணி நேரம்தான். இவை மூன்று வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. ஆகவே ஒரு கால அளவை மேற்கோள் காட்டும் முன், அதே சட்டத்தில் அந்தப் பிரிவின் எண்ணைக் குறிப்பிடும் மற்றப் பிரிவுகளையும் தேட வேண்டும். பிடிஎஃப் கோப்பில் `section 7` என்று தேடினால் சில நிமிட வேலை. கோப்பு ஸ்கேன் செய்த படமாக இருந்தால் தேடல் எதையும் காட்டாது. "வேறெங்கும் இல்லை" என்று அதை வைத்து முடிவுகட்டக் கூடாது.

யார் செய்ய வேண்டியது, எந்த நிபந்தனையில்?

இரண்டாம் மேல்முறையீட்டு வாக்கியத்தில் எழுவாயே மாறிவிட்டது. 19(3)-இல் வரும் 90 நாள் விண்ணப்பதாரருக்கானது. அதற்குள் அவர் ஆணையத்திடம் போக வேண்டும். ஆணையம் எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று தேடினால், மேல்முறையீட்டைத் தீர்க்கும் கெடு 19(6)-இல் கிடைக்கும்: 30 நாட்கள், காரணத்தை எழுத்தில் பதிந்து அதிகபட்சம் 45 நாட்கள். ஆனால் அது 19(1), 19(2) ஆகியவற்றின் கீழ் வரும் முதல் மேல்முறையீடுகளுக்கு என்று பெயர் சொல்லியே நிற்கிறது. 19(3) அதில் இல்லை. ஆணையத்துக்குச் சட்டம் கெடு எதுவும் வைக்கவில்லை. இல்லாத கெடுவைக் காட்டி மனு எழுதுபவரின் மற்ற வாதங்களும் சேர்ந்து வலுவிழக்கும்.

அபராத வாக்கியத்தில் எழுவாயே இல்லை. தமிழில் இது ரொம்பச் சுலபம்: "அபராதம் விதிக்கப்படும்" என்று எழுதிவிட்டால் யார், எப்போது என்ற கேள்வியே எழாது. 20(1)-இன்படி அபராதம் விதிப்பது தகவல் ஆணையம் மட்டும்; அதுவும் ஒரு புகாரையோ மேல்முறையீட்டையோ தீர்க்கும்போது, நியாயமான காரணமின்றித் தவறினார் என்று கருதினால்தான். விதிப்பதற்கு முன் அலுவலரின் விளக்கத்தைக் கேட்க வேண்டும். காரணம் நியாயமானது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையது. முதல் மேல்முறையீட்டு அலுவலருக்கு இந்த அதிகாரம் இல்லை. 31-ஆவது நாளே ரூ.250 தானாக ஏறத் தொடங்கும் என்ற நம்பிக்கை இந்த ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்ததுதான்.

செயப்பாட்டு வினையில் உள்ள எந்தச் சுருக்கத்தையும் "யார்" என்று கேட்டுச் செய்வினையாக மாற்றிப் பாருங்கள். பதில் சுருக்கத்தில் இல்லையென்றால் மூலத்தில் தேடியாக வேண்டும். மொழிபெயர்ப்பிலும் இதே கவனம் தேவை. அரசமைப்புச் சட்டத்தின் 348-ஆவது உறுப்பின்படி மத்திய சட்டங்களின் அதிகாரபூர்வ வாசகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. யாரோ செய்த தமிழாக்கத்தில் "லாம்", "வேண்டும்" எதுவென்றாலும், மூலத்தில் இருப்பது "மே"யா "ஷல்"லா என்று பார்த்தபின் எழுதுங்கள்.

இன்றைய வாசகமா?

பதவிக்காலம் 5 ஆண்டுகள் என்பது 2005-இல் சரி. 2019-ஆம் ஆண்டின் 24-ஆம் எண் திருத்தச் சட்டம் அதை மாற்றி, மத்திய அரசு விதிக்கும் காலம் என்று ஆக்கியது. அதே ஆண்டு வந்த விதிகள் அதை 3 ஆண்டுகள் என்று வைத்தன. திருத்தத்துக்கு முன் நியமனம் பெற்றவர்களுக்குப் பழைய ஏற்பாடே தொடரும் என்ற வரம்புரையும் உண்டு. indiacode.nic.in தளத்தில் 13-ஆம் பிரிவின் அடிக்குறிப்பைப் பார்த்தால் எந்தச் சட்டத்தால், எந்தத் தேதி முதல் மாற்றம் என்று தெரிந்துவிடும். அங்கே `w.e.f.` என்பதற்குப் பின்னால் வரும் தேதிதான் உங்களுக்கு வேண்டியது. சட்டம் நிறைவேறிய ஆண்டை வைத்து முடிவுசெய்யக் கூடாது.

இதைவிடச் சிக்கலானது 8(1)(j). தனிநபர் தகவலை மறுக்க அனுமதிக்கும் இந்தக் கூறில் முன்பு நிபந்தனைகள் இருந்தன: பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாததாகவோ, தனியுரிமையில் தேவையற்ற தலையீடாகவோ இருக்க வேண்டும், பெரிய பொதுநலன் இருந்தால் தரலாம். அந்த நிபந்தனைகள் இப்போது அங்கே இல்லை. ஆனால் அவற்றை நீக்கியது தகவல் உரிமைத் திருத்தச் சட்டம் என்ற பெயரில் வந்த ஒன்றல்ல. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-இன் 44(3) பிரிவு. சட்டத்தின் பெயரை வைத்து மட்டும் திருத்தங்களைத் தேடுபவர் இதைத் தவறவிடுவார். 2023 ஆகஸ்டில் சட்டம் வந்தாலும் இந்தப் பிரிவு 2025 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆக, 2024-இல் "8(1)(j) மாறிவிட்டது" என்று எழுதியவரும் தவறு, இன்று பழைய வாசகத்தை எடுத்துப்போடுபவரும் தவறு. தொடங்கும் தேதியை அறிவிக்கும் அரசிதழ் அறிவிக்கையை egazette.gov.in தளத்தில் பார்ப்பதுதான் ஒரே வழி.

மாற்றத்தைப் பற்றிய பல சுருக்கங்கள் அடுத்த அடியிலும் சறுக்குகின்றன: பொதுநலனுக்கு இனி இடமே இல்லை என்கின்றன. தீங்கைவிடப் பொதுநலன் மேலோங்கினால் தகவலைத் தரலாம் என்னும் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது. நீங்கிய வாசகத்தின் வேலையை வேறொரு பிரிவு ஓரளவு செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்தபின் அந்தப் பத்தியின் 30 நாள் வாக்கியம் இப்படி ஆகும்: "விண்ணப்பம் பொதுத் தகவல் அலுவலருக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தகவல் தரவோ, காரணம் சொல்லி மறுக்கவோ வேண்டும் (பிரிவு 7(1), உயிர், சுதந்திரம் சார்ந்தவற்றுக்கு 48 மணி நேரம், கால நீட்டிப்புகளுக்குப் பிரிவுகள் 5(2), 7(3) காண்க)." பக்கத்தில் மூலத்தைத் திறந்து பார்த்த தேதியையும் எழுதிவையுங்கள். அடுத்த பதிப்புக்கு எடுக்கும்போது அந்தத் தேதிக்குப் பிறகு வந்த அரசிதழ்களை மட்டும் பார்த்தால் போதும்.