வீணாகும் நேரமும் போகாத பொழுதும்

மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலைகளுக்கு முன்னால் பெங்களூரா மாங்காய் ஏற்றிய வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். அப்படி ஒரு வரிசையை ஒட்டிய டீக்கடையில் ஒருநாள் உட்கார்ந்திருந்தேன். மினி லாரி ஓட்டும் இளைஞர் ஒருவர் அலுத்துக்கொண்டார்: "நாலு மணி நேரம் வீணாப் போச்சுண்ணா. இந்நேரம் இன்னொரு லோடு அடிச்சிருப்பேன்." பக்கத்தில் இருந்த தோப்புக்காரப் பெரியவர் சொன்னார்: "உனக்கு அப்படி. எனக்குப் பொழுதே போக மாட்டேங்குது தம்பி."

இரண்டு பேரும் காத்திருந்தது ஒரே நாலு மணி நேரம்தான். ஆனால் ஒருவருக்கு அது கைவிட்டுப் போன காசு. இன்னொருவருக்கு அது எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் விருந்தாளி.

மொழியியலாளர் ஜார்ஜ் லேக்காஃப், தத்துவவாதி மார்க் ஜான்சன் இருவரும் 1980இல் சொன்னது இதைப் பற்றித்தான். உருவகம் என்றால் கவிஞர் செய்யும் அலங்காரம் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அவர்களோ அது அன்றாட யோசனையின் வழக்கம் என்றார்கள். தொட்டுப் பார்க்க முடியாத ஒன்றை, நன்றாகப் பழகிய இன்னொன்றின் கணக்கில் வைத்து யோசிக்கிறோம். இதற்குக் கருத்துருவகம் என்று பெயர்.

ஒரு சொல் தற்செயலாக ஒட்டிக்கொண்டதா, பின்னால் ஒரு கருத்துருவகம் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில், அது தனியாக வராது, குடும்பத்தோடு வரும். நேரத்தைச் செலவழிக்கிறோம், மிச்சம் பிடிக்கிறோம், ஒதுக்குகிறோம், வீணாக்குகிறோம். எல்லாமே பணப்பெட்டியிலிருந்து வந்த வினைகள். அப்புறம், இதுவரை யாரும் சொல்லாத வாக்கியமும் உடனே புரியும். "எனக்கு அரை மணி நேரம் கடன் கொடு" என்று நண்பனிடம் கேட்டால் அவன் விழிக்க மாட்டான். எல்லாவற்றுக்கும் மேலாக, பணத்தைப் பற்றிய முடிவுகளும் கூடவே வந்துவிடும். லாரிக்காரர் நாலு மணி நேரத்தை ஒரு லோடு வாடகையாக மாற்றிக் கணக்குப் போட்டாரே, அதுதான்.

உருவகம் முழுசாகப் பொருந்துவதும் இல்லை. கடன் வாங்கிய நூறு ரூபாயைத் திருப்பித் தரலாம். அந்த அரை மணி நேரத்தை யாராலும் திருப்ப முடியாது.

'பொழுது' இந்தக் குடும்பத்தில் அவ்வளவாகச் சேர்வதில்லை. "பொழுது மிச்சமாச்சு" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பொழுது விடியும், ஏறும், சாயும், போகும். நம்ம ஊர்ப் பேச்சில் சூரியனுக்கே பொழுது என்றுதானே பெயர்! அது நகரும் பொருள், செலவாகும் பொருள் இல்லை. 'நேரம்' இரண்டு பக்கமும் போகும்: "நேரம் மிச்சம்" என்போம், "நேரமே போகல" என்றும் சொல்வோம்.

இன்னும் தோண்டினால் வேடிக்கை. 'செலவு' என்ற சொல்லே 'செல்' என்பதிலிருந்து வந்தது. சங்கப் பாட்டில் செலவு என்றால் பயணம். பொருள் தேடக் கிளம்பியவன் மனம் கேளாமல் பயணத்தை நிறுத்துவதைச் 'செலவழுங்குதல்' என்றார்கள். பணம் வருவதும் போவதுமாக இருந்ததால் அது வரவும் செலவுமாயிற்று. ஆக, நேரத்தைப் பணமாக்கிய லாரிக்காரரின் பேச்சுக்கு அடியிலும் ஒரு நடை இருக்கிறது.

சரி, இதெல்லாம் பழைய சொல்லின் மிச்சம்தானே, இப்போதைய யோசனை அப்படித்தான் ஓடுகிறது என்பதற்கு என்ன சாட்சி? இது நியாயமான ஆட்சேபம். "கணக்கு பிடிபடவில்லை" என்பவன் மனதுக்குள் கையை நீட்டித்தான் ஆக வேண்டும் என்று வெறும் சொல்லை வைத்து நிரூபிக்க முடியாது. அதனால் மொழிக்கு வெளியே சோதிக்க வேண்டியிருந்தது.

உளவியலாளர்கள் லேரா போரோடிட்ஸ்கியும் மைக்கேல் ராம்ஸ்காரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேள்வி வருகிறது: புதன்கிழமைக் கூட்டம் இரண்டு நாள் 'முன்னோக்கி' நகர்த்தப்பட்டது, இனி அது என்றைக்கு? அவர்கள் கேட்ட ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு பதிலும் சரி. நான் காலத்துக்குள் நடந்து போகிறேன் என்று நினைப்பவருக்கு முன்னோக்கி என்றால் தான் போகும் திசை, அதனால் வெள்ளி. காலம் என்னை நோக்கி வருகிறது என்று நினைப்பவருக்கு முன்னோக்கி என்றால் தன்னை நெருங்கி வருவது, அதனால் திங்கள். சாப்பாட்டு வரிசையில் நின்றவர்களைக் கேட்டபோது, வரிசையில் நகர்ந்து முன்பக்கம் வந்துவிட்டவர்கள் 'வெள்ளி' என்று சொல்வது அதிகமாக இருந்தது. வரிசையில் நகர்ந்த அனுபவம் கிழமையைப் பற்றிய பதிலில் எட்டிப் பார்த்தது.

தமிழில் இதே கேள்வியை அப்படியே கேட்டால் சிக்கல். நமக்கு 'முன்' என்றால் ஏற்கெனவே நடந்தது: முன்னாள், முன்பு. 'பின்' என்றால் இனி நடப்பது. அதனால் பெரும்பாலோர் 'திங்கள்' என்பார்கள் என்பது என் ஊகம். டீக்கடையில் கேட்டுப் பார்க்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் வரிசை நகர்ந்தது, லாரிக்காரர் பாதி டீயோடு ஓடிவிட்டார்.