எஸ்ஸேவை படிக்கறதுக்கு முன்னாடியே ரிஜெக்ட் ஆகற ஸ்காலர்ஷிப் அப்ளிகேஷன்

ஸ்காலர்ஷிப்புக்கு அப்ளை பண்றவங்களோட உக்காந்து ஃபைலை சரி பார்த்து குடுக்கறதுதான் என் வேலை. ரிஜெக்ட் ஆனதுக்கு அப்புறம் வர்றவங்க முதல்ல கேக்கறது "எஸ்ஸே நல்லா இல்லையா சார்?"னுதான். அந்த ரிஜெக்ட் மெயிலை வாங்கி பார்த்தா பாதி நேரம் அதுல எஸ்ஸே பத்தி ஒரு வார்த்தை இருக்காது, அப்ளிகேஷன் முழுமையா இல்லன்னு ஒரே வரி இருக்கும். அதாவது எஸ்ஸேவை யாருமே திறந்து பார்க்கல.

இது எப்படி நடக்குதுன்னா, முதல் ரவுண்டுல ஃபைலை பார்க்கறது புரொஃபசர்ங்க கிடையாது, ஆஃபிஸ் ஸ்டாஃப். அவங்க கையில ஒரு செக்லிஸ்ட் இருக்கும், கேட்ட டாக்குமென்ட் எல்லாம் இருக்கா, தேதி சரியா இருக்கா, தகுதி விதிக்குள்ள வருதா, அவ்வளவுதான். ஒண்ணு குறைஞ்சாலும் ஃபைல் அடுத்த டேபிளுக்கு போகாது, நிறைய இடத்துல கூப்பிட்டு கேக்கவும் மாட்டாங்க, விடுபட்டதை பின்னாடி அனுப்பினா எடுத்துக்க மாட்டோம்னு விதிமுறையிலேயே போட்டிருப்பாங்க.

இந்த ரவுண்டுல ஆளை கவுக்கறது எதுன்னு கேட்டா, பாஸ்போர்ட், மார்க்‌ஷீட் மாதிரி நம்ம கையில இருக்கற டாக்குமென்ட் அதிகம் படுத்தாது, அடுத்தவங்க தரவேண்டிய டாக்குமென்ட்தான் படுத்தும். அதுல முதல் இடம் ரெக்கமண்டேஷன் லெட்டருக்கு.

ஒரு பொண்ணோட கேஸை அப்படியே சொல்றேன். மாஸ்டர்ஸ் ஸ்காலர்ஷிப், கடைசி நேரம் ஜனவரி 15, மத்திய ஐரோப்பிய நேரப்படி `23:59 CET`. ரெண்டு ரெக்கமண்டேஷன் லெட்டர் வேணும், அதை நாம அப்லோட் பண்ண முடியாது, புரொஃபசரோட மெயில் ஐடியை போர்ட்டல்ல போட்டா அவருக்கு ஒரு லிங்க் போகும், அவரே அதுல ஏத்தணும். அந்த பொண்ணு ஜனவரி 11-ம் தேதி ரெண்டு பேர் ஐடியையும் போட்டு லிங்க் அனுப்பிட்டாங்க, 14-ம் தேதி ராத்திரி ஃபார்மை சப்மிட் பண்ணிட்டாங்க, கிடைச்சதுன்னு கன்ஃபர்மேஷன் மெயிலும் வந்தாச்சு. ஒரு புரொஃபசர் 12-ம் தேதியே ஏத்திட்டார். இன்னொருத்தருக்கு போன லிங்க் ஸ்பாம்ல விழுந்துடுச்சு, அவர் 16-ம் தேதி பார்த்து கிளிக் பண்ணா லிங்க் மூடியாச்சு. ரெண்டுல ஒரு லெட்டர்தான் வந்திருக்கு, ரிஜெக்ட்.

இதுல ரொம்ப பேரை ஏமாத்தறது அந்த கன்ஃபர்மேஷன் மெயில்தான். அது நம்ம ஃபார்ம் வந்து சேர்ந்ததுன்னு மட்டும்தான் சொல்லுது, லெட்டர் வந்துச்சான்னு சொல்லாது. லெட்டர் நிலவரம் போர்ட்டல்ல தனி பக்கத்துல இருக்கும், அங்க ரெண்டு பேருக்கும் நேரா வந்து சேர்ந்ததுன்னு காட்டற வரைக்கும் அப்ளிகேஷன் முடியல. லெட்டருக்கும் ஃபார்முக்கும் ஒரே கடைசி நேரமா, இல்ல லெட்டருக்கு தனியா கொஞ்சம் நாள் தர்றாங்களா, செலக்ட் ஆனதுக்கு அப்புறம்தான் கேப்பாங்களான்னு திட்டத்துக்கு திட்டம் மாறும், இதை முதல் நாளே விதிமுறையில தேடி பார்த்துடுங்க. சில இடத்துல புரொஃபசரோட காலேஜ் மெயில் ஐடிதான் வேணும்னு சொல்வாங்க, சொந்த ஜிமெயில் ஐடி போட்டா ஏத்துக்க மாட்டாங்க.

இதே தேதியை பின்னாடியிலிருந்து எண்ணிப் பாருங்க. ஜனவரி 15-க்கு முன்னாடி கிறிஸ்துமஸ், புது வருஷ லீவு வருது, அந்த ரெண்டு வாரத்துல பல யுனிவர்சிட்டில மெயிலை யாரும் பார்க்க மாட்டாங்க. அப்போ லெட்டர் டிசம்பர் 20-க்குள்ள ஏறியாகணும். எழுதறதுக்கு அவங்களுக்கு மூணு வாரமாவது குடுக்கணும்னா நவம்பர் கடைசில லிங்க் போயிருக்கணும், லிங்க் போறதுக்கு முன்னாடி நேர்ல கேட்டு அவங்க சரின்னு சொல்லியிருக்கணும், அது நவம்பர் நடுவுல. டிரான்ஸ்க்ரிப்ட்டை யுனிவர்சிட்டில அப்ளை பண்ணி வாங்கணும்னா, மொழிபெயர்ப்பு வேற தேவைப்பட்டா, அக்டோபர்லயே ஆரம்பிக்கணும். போஸ்டர்ல ஜனவரி 15-னு போட்டிருந்தாலும் வேலை அக்டோபர்ல தொடங்குது, இதுதான் நான் எல்லார்கிட்டயும் திரும்பத் திரும்ப சொல்றது.

கடைசி நேரத்தையும் சரியா படிக்கணும். மேல சொன்ன `23:59 CET` இந்தியா, இலங்கை நேரத்துல மறுநாள் விடிகாலை 4:29. இது நமக்கு சாதகமா இருக்கு, ஆனா எல்லா இடத்துலயும் இப்படி இருக்காது. பிரிட்டன் அரசோட செவனிங் ஸ்காலர்ஷிப் ராத்திரி 12 மணிக்கு மூடறதில்ல, கடைசி நாள் பகல் 12:00 `UTC`-க்கே மூடிடுவாங்க, நமக்கு அது சாயங்காலம் 5:30. வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்து ராத்திரி சப்மிட் பண்ணிக்கலாம்னு இருந்தா அவ்வளவுதான், அடுத்த வருஷம்தான்.

அடுத்தது டாக்குமென்ட் உள்ள இருக்கற தேதி. ஐயெல்ட்ஸ், டோஃபல் ஸ்கோர் ரெண்டு வருஷத்துக்குத்தான் செல்லும். ஆனா எந்த நாள்ல அது செல்லுபடியா இருக்கணும்ங்கறதுதான் கேள்வி. 2024 ஆகஸ்ட்ல டெஸ்ட் எழுதினவர் 2026 ஜனவரில அப்ளை பண்ணா ஸ்கோர் உயிரோட இருக்கு, கோர்ஸ் ஆரம்பிக்கற 2026 செப்டம்பர்ல செத்துப்போயிருக்கும். அப்ளை பண்ற நாளை பார்க்கற இடத்துல இவர் பாஸ், கோர்ஸ் ஆரம்பிக்கற நாளை பார்க்கற இடத்துல அதே பேப்பரோட ஃபெயில். ஜெர்மனியோட டிஏஏடிங்கற கல்விப் பரிமாற்ற அமைப்புல வளர்ச்சி சார்ந்த முதுநிலை படிப்புகளுக்குன்னு ஒரு ஸ்காலர்ஷிப் இருக்கு, அதுல கடைசியா வாங்குன டிகிரி பொதுவா ஆறு வருஷத்துக்கு மேல பழசா இருக்கக்கூடாது, குறைஞ்சது ரெண்டு வருஷம் வேலை அனுபவமும் வேணும். வேலை இருந்தும் சர்டிஃபிகேட்ல கோட்டை விடறவங்களை நிறைய பார்க்கறேன். "இவர் எங்களிடம் நன்றாகப் பணிபுரிந்தார்"னு ஹெச்ஆர் எழுதி குடுத்த பேப்பர்ல எந்த தேதிலேர்ந்து எந்த தேதி வரைக்கும்னு இல்லாட்டி, செக்லிஸ்ட் பார்க்கறவங்களால ரெண்டு வருஷத்தை எண்ண முடியாது. முழு நேரமா பகுதி நேரமான்னும் அதுல இருக்கணும்.

பேர் விஷயமும் உண்டு. மார்க்‌ஷீட்ல இனிஷியல் மட்டும், பாஸ்போர்ட்ல அதை விரிச்சு முழுசா, ஃபார்ம்ல மூணாவதா ஒரு மாதிரின்னு இருந்தா மூணும் ஒரே ஆளுன்னு அவங்க தானா முடிவு பண்ண மாட்டாங்க. ஃபார்ம்ல பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே போடுங்க, வித்தியாசம் இருந்தா ரெண்டு பேரும் ஒரே ஆளோடதுதான்னு சொல்ற அஃபிடவிட் ஒண்ணு சேர்த்து வைங்க. மார்க்‌ஷீட் ஸ்கேன் பண்ணும்போது பின்பக்கத்தையும் சேர்த்து பண்ணுங்க, கிரேடுக்கு எவ்வளவு மார்க்குங்கற அட்டவணை பெரும்பாலும் அங்கதான் அச்சடிச்சிருக்கும், அது இல்லாம உங்க 8.2 எத்தனைக்கு 8.2-னு அவங்களுக்கு தெரியாது.

சப்மிட் பண்ணதும் போர்ட்டல் தர்ற பிடிஎஃப்பை டவுன்லோட் பண்ணி ஒவ்வொரு அப்லோடையும் திறந்து பாருங்க, டிகிரி சர்டிஃபிகேட் இருக்கவேண்டிய இடத்துல பாஸ்போர்ட்டே ரெண்டு தடவை ஏறியிருக்கறதை நான் பார்த்திருக்கேன். ஏதாவது ஒரு டாக்குமென்ட் வர லேட் ஆகும்னு தெரிஞ்சா கடைசி நாளுக்கு முன்னாடியே அந்த ஆஃபிஸுக்கு மெயில் போட்டு, யுனிவர்சிட்டில அப்ளை பண்ண ரசீதை இணைச்சு, தற்காலிக சர்டிஃபிகேட் ஏத்துக்குவீங்களான்னு கேளுங்க. சில இடத்துல சரின்னு சொல்வாங்க, அந்த பதில் மெயிலையும் பிடிஎஃப்பா மாத்தி டிகிரி சர்டிஃபிகேட் இடத்துல தற்காலிக சர்டிஃபிகேட்டோட சேர்த்தே அப்லோட் பண்ணிடுங்க, ஏன்னா ஃபைலை செக் பண்றவரும் உங்களுக்கு பதில் போட்டவரும் ஒரே ஆளா இருக்கணும்னு இல்ல.